'கொஞ்சம் ப்ரொஃபஷனலா மாத்திக் குடுங்க'

கோயம்புத்தூரில் பம்புக்கான உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். புது இயந்திரம் வாங்க வங்கியில் கடன் கேட்க வேண்டும். உரிமையாளரின் மகன் இரண்டு நாள் உட்கார்ந்து 18 ஸ்லைடுகளில் ஒரு பிபிடி தயார் செய்கிறார். தெரிந்த டிசைனர் ஒருவருக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கீழே இப்படி எழுதுகிறார்: "நாளான்னைக்கு பேங்க்ல காட்டோணும்ங்கண்ணா. கொஞ்சம் ப்ரொஃபஷனலா மாத்திக் குடுங்க."

இப்படி ஒரு செய்தி வராத டிசைனரோ, எழுத்தாளரோ, அலுவலகத்தில் 'கம்ப்யூட்டர் நன்றாகத் தெரிந்தவர்' என்று பெயரெடுத்தவரோ இருக்க மாட்டார். கோப்பைத் திறந்ததும் கை தானாக நிறத்தை மாற்றப் போகும். எழுத்துருவை மாற்றும், பின்னணியில் ஒரு நீலப் பட்டையைப் போடும். ஒரு மணி நேரத்தில் பார்க்க வேறு கோப்பு போலவே ஆகிவிடும். ஆனால் வங்கி மேலாளர் கேட்கப்போகும் கேள்விக்கு அதில் பதில் இருக்கிறதா என்பது அந்த ஒரு மணி நேரத்தில் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

'ப்ரொஃபஷனலாக இல்லை' என்பது மருத்துவரிடம் போய் 'உடம்புக்கு முடியவில்லை' என்று சொல்வதைப் போன்றது. குறை மூன்று இடங்களில் இருக்கலாம். எது முதலில், எது பிறகு, எதை விட்டுவிடலாம் என்ற வரிசையில், அதாவது அமைப்பில் இருக்கலாம். சொல்லும் வாக்கியங்களில் இருக்கலாம். அல்லது உண்மையிலேயே தோற்றத்தில் இருக்கலாம். அனுப்புகிறவருக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும். பிரித்துப் பார்ப்பது வாங்குகிறவரின் வேலை.

பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அதிகம் அலசிய ஸ்லைடு ஒன்று இருக்கிறது.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டது. கிளம்பி சுமார் 82 விநாடிகளில் எரிபொருள் தொட்டியின் மேலிருந்த காப்பு நுரையில் ஒரு துண்டு பெயர்ந்து, ஓடத்தின் இடது இறக்கையில் மோதியது. ஓடம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, அதனால் ஆபத்து உண்டா என்று கீழே பொறியாளர்கள் ஆராய்ந்து நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளாகக் காட்டினார்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பு, சோதனைத் தரவுகளைப் பார்த்தால் ஓடுகள் துளைபடுவது பற்றிய கணிப்பு பாதுகாப்பான பக்கமாகவே இருக்கிறது என்ற பொருளில் அமைந்திருந்தது. கேட்கிறவருக்கு நிம்மதி தரும் தலைப்பு.

அதே ஸ்லைடின் கடைசிப் பகுதியில், உள்ளடங்கிய ஒரு சின்ன வரியில், வேறு ஒரு செய்தி இருந்தது. சோதனையில் பயன்படுத்திய நுரைத் துண்டின் அளவு 3 கன அங்குலம். உண்மையில் மோதியதாக மதிப்பிட்ட துண்டு 1,920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு பெரியது. இந்த நிலைமைக்கு எங்களிடம் சோதனையே இல்லை என்பதுதான் அதன் பொருள். தலைப்பு ஒன்று சொல்ல, கடைசி வரி அதைக் கவிழ்த்துப் போட்டது.

பிப்ரவரி 1 அன்று தரையிறங்கும் வழியில் கொலம்பியா டெக்சாஸ் வானில் சிதறியது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை அந்த ஸ்லைடைத் தனியே அச்சிட்டு, தகவல் வடிவமைப்பு அறிஞர் எட்வர்ட் டஃப்டியின் அலசலையும் சேர்த்தது. உயிருக்கு ஆபத்தான நிலையைப் பற்றியது இது என்று ஒரு மேலதிகாரிக்குத் தெரியாமல் போனதைப் புரிந்துகொள்ள முடிகிறது என்று குழு எழுதியது.

விபத்துக்கு அந்த ஒரு ஸ்லைடு காரணமல்ல. இறக்கையைப் படமெடுக்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டது நிறைவேறாமல் போனது உட்படப் பல காரணங்களை அறிக்கை அடுக்குகிறது. அந்த ஸ்லைடு பேசியது அடிப்பக்க ஓடுகளைப் பற்றி. உடைந்தது இறக்கையின் முன்விளிம்பு. ஆனாலும் நம் கேள்விக்கு அது நல்ல பாடம். அந்த ஸ்லைடை யாராவது ஒரு டிசைனரிடம் கொடுத்து ப்ரொஃபஷனலாக்கச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? புள்ளிகள் நேராகியிருக்கும். ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் இன்னொரு மாதிரியும் எழுதியிருந்த 'கன அங்குலம்' ஒரே மாதிரி ஆகியிருக்கும். 640 மடங்கு என்பது அதே அடிவரியிலேயே கிடந்திருக்கும்.

ஒரு நல்ல எழுத்தாளரிடம் கொடுத்திருந்தால், 'குறிப்பிடத்தக்க' என்ற பொருள்படும் ஒரே சொல் ஐந்து முறை வந்திருப்பதை அவர் பிடித்திருப்பார். டஃப்டியும் அதை எண்ணிக் காட்டினார். ஒவ்வோர் இடத்திலும் அந்தச் சொல்லுக்கு வேறு வேறு அளவு; எங்கும் எண் இல்லை. அமைப்பைப் பார்க்கிறவரோ கடைசி வரியைத் தூக்கித் தலைப்பில் வைத்திருப்பார். மோதிய துண்டு சோதனை செய்ததைவிட 640 மடங்கு பெரியது. அதனால் சேதத்தைக் கணிக்க முடியவில்லை. இப்படி ஒரு தலைப்பு இருந்தால் அறையில் பேச்சே வேறு திசையில் போயிருக்கும்.

இப்போது பட்டறைக்குத் திரும்புவோம்.

டிசைனர் செய்ய வேண்டிய முதல் வேலை ஒரு கேள்வி: இதை மேலாளர் முன்னால் நின்று பேசிக் காட்டப்போகிறீர்களா, மின்னஞ்சலில் அனுப்பப்போகிறீர்களா? பேசுவதற்கான ஸ்லைடில் ஐந்தாறு சொற்கள் போதும். மீதியை வாய் சொல்லும். அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் கோப்பு தனியாக நின்று தன் வழக்கைத் தானே பேச வேண்டும். ஒன்றுக்குச் சரியானது மற்றதற்குத் தவறு. இது தெரியாமல் 'எழுத்து அதிகமாக இருக்கிறது' என்று வெட்டுவது ஆபத்து. பட்டறைக்காரரின் பதில் இரண்டும் என்று வருகிறது: பேசிக் காட்டிவிட்டு, மேலாளர் தன் மேலிடத்துக்கு அனுப்பக் கோப்பையும் விட்டுவர வேண்டும். அப்படியானால் முழு வாக்கியங்கள் தேவை.

இரண்டாவது, தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படிப்பது. பவர்பாயின்ட்டில் `View` பகுதியில் `Outline View` என்று ஒன்று உண்டு. ஸ்லைடுகளின் எழுத்தை மட்டும் ஓரத்தில் பட்டியலாகக் காட்டும். பட்டறையின் 18 ஸ்லைடுகள் அங்கே இப்படி ஓடுகின்றன: நல்வரவு, எங்களைப் பற்றி, எங்கள் வரலாறு, எங்கள் நோக்கம், எங்கள் குறிக்கோள், எங்கள் தயாரிப்புகள், எங்கள் வாடிக்கையாளர்கள், விருதுகள், தரம் என்று போய், 14ஆவது இடத்தில் 'கடன் தேவை' வருகிறது. பிறகு 'திருப்பிச் செலுத்துதல்', 'எதிர்காலத் திட்டம்', 'கேள்விகள்', 'நன்றி'.

இந்தத் தலைப்புகளைப் பட்டறை பெயரை எடுத்துவிட்டு ஒரு பல்பொருள் அங்காடிக்கும் வைக்கலாம், ஒரு பள்ளிக்கூடத்துக்கும் வைக்கலாம். எவ்வளவு கடன், எதற்கு, எப்படித் திரும்பும் என்று மேலாளர் அறிய விரும்பும் மூன்றில் எதுவும் தலைப்பில் இல்லை. குறை அமைப்பில்தான் என்று இங்கேயே தெரிந்துவிடுகிறது.

பழகிய கைக்கு அந்தப் பட்டியல் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். `Outline View` ஸ்லைடின் அச்சுக்குள், அதாவது தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் என்று ஒதுக்கிய பெட்டிகளுக்குள் தட்டிய எழுத்தை மட்டுமே காட்டும். தனியாக `Text Box` போட்டு எழுதியது அதில் வராது. ஒரு ஸ்லைடில் தலைப்பு கண்ணுக்குத் தெரிகிறது, பட்டியலில் அந்த இடம் காலியாக இருக்கிறது என்றால், தலைப்பை யாரோ கையால் ஒட்டியிருக்கிறார். அப்படிப்பட்ட ஸ்லைடுகளில் `Slide Master` என்ற ஒரே இடத்தில் தலைப்புப் பெட்டியின் எழுத்துருவையும் இடத்தையும் மாற்றினால் அந்தத் தலைப்பு அசையாது. ஒவ்வொன்றையும் எடுத்து அச்சுக்குள் வைக்க வேண்டும். தோற்றத்தைச் சரிசெய்ய அரை மணியா, அரை நாளா என்பது இதைப் பார்த்தால் முன்கூட்டியே தெரியும்.

மூன்றாவது, படிக்கிறவர் எங்கே தடுக்கி நிற்கிறார் என்று பார்ப்பது. விஷயம் தெரியாத ஒருவரிடம் கோப்பைக் காட்டிப் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். 'என்னதான் கேட்கிறார்கள்?' என்று அவர் கேட்டால் குறை அமைப்பில். ஒரு ஸ்லைடை இரண்டு முறை படித்துவிட்டு 'ஓ, இதைச் சொல்கிறார்களா' என்றால் வாக்கியத்தில். முதல் முறையே புரிந்துவிட்டது, ஆனாலும் முகத்தில் நம்பிக்கை வரவில்லை, கண் எங்கெங்கோ அலைகிறது என்றால் அப்போதுதான் தோற்றத்தில். எந்த டிசைன் புத்தகத்தையும்விட இந்தப் பத்து நிமிடச் சோதனை சரியாக வழிகாட்டும்.

பட்டறையின் கோப்பில் மூன்றுமே இருக்கின்றன. அப்படி இருந்தால் வரிசை மாறக் கூடாது: அமைப்பு முதலில், வாக்கியம் அடுத்து, தோற்றம் கடைசியில். தோற்றத்தில் தொடங்கினால், நாலு மணி நேரம் அழகுபடுத்திய ஸ்லைடைப் பிறகு தூக்கிப் போட வேண்டி வரும். தூக்கிப் போட மனசு வராது என்பது அதைவிடப் பெரிய சிக்கல்.

அமைப்பை மாற்ற டிசைனர் காகிதத்தில் ஐந்து வாக்கியங்களை எழுதுகிறார். இயந்திரத்தின் விலை 60 லட்சம். எங்கள் பங்கு 12 லட்சம், கேட்கும் கடன் 48 லட்சம். மாதம் சுமார் 40 ஆர்டர் வருகிறது. இயந்திரம் போதாமல் 9ஐத் திருப்பி அனுப்புகிறோம். அந்த ஒன்பதின் மதிப்பு மாதம் சுமார் மூன்றரை லட்சம். பொருள், கூலி, மின்சாரம் போக ஒரு லட்சத்து 70 ஆயிரம் நிற்கும். 11 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்குத் தவணை மாதம் சுமார் ஒரு லட்சத்து 4 ஆயிரம்.

ஐந்தாவது வாக்கியம் மூலக் கோப்பில் எங்கும் இல்லை. நான்கையும் அடுத்தடுத்து வைத்ததும்தான் அது இல்லாதது தெரிகிறது. மேலாளர் கட்டாயம் கேட்பார்: நீங்கள் எதிர்பார்க்கும் ஆர்டர் வராவிட்டால்? டிசைனர் தொலைபேசியில் கேட்க, பட்டறைக்காரர் அன்றிரவு கணக்குப் போட்டுச் சொல்கிறார். ஒன்பதில் ஆறு வந்தால் மாதம் ஒரு லட்சத்து 13 ஆயிரம் நிற்கும், தவணையைக் கட்டிவிடலாம். ஆறுக்குக் கீழே போனால் பழைய இயந்திரங்களின் வருமானத்திலிருந்தும் எடுத்துத்தான் கட்ட வேண்டும். இந்த ஒரு ஸ்லைடுதான் கோப்பு முழுவதற்கும் எடை கொடுக்கிறது. நிறத்தையும் எழுத்துருவையும் எத்தனை மணி நேரம் திருத்தியிருந்தாலும் இந்த ஓட்டை கண்ணில் பட்டிருக்காது. அமைப்பில் தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

இந்த ஐந்து வாக்கியங்களே ஐந்து ஸ்லைடுகளின் தலைப்புகள் ஆகின்றன. தயாரிப்பும் வாடிக்கையாளர் பட்டியலும் சேர்ந்து இரண்டு. மூன்றாண்டு விற்பனைக் கணக்கும் இயந்திரத்தின் விலைப்புள்ளியும் பின்னிணைப்பாக இரண்டு. 18 ஒன்பதாகிவிட்டது. விருதுப் படங்களை எடுத்ததில் அப்பாவுக்கு வருத்தம் இருக்கும். அவற்றில் ஒன்றைத் தரம் பற்றிய இடத்தில் வைக்கலாம்.

வாக்கியத்துக்கு வரும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். மூலத்தில் இப்படி ஒரு வரி: 'தரம், நம்பிக்கை, புதுமை ஆகியவற்றைத் தாரக மந்திரமாகக் கொண்டு எமது நிறுவனம் வீறுநடை போடுகிறது.' இதை எவ்வளவு மெருகேற்றினாலும் ஒன்றும் கிடைக்காது. உள்ளே சரக்கு இல்லை. பட்டறைக்காரரிடம் கேட்டால்தான் சரக்கு வரும். கடந்த 12 மாதங்களில் அனுப்பிய 26,000 உதிரிபாகங்களில் 70 மட்டுமே குறை சொல்லித் திரும்பி வந்தன என்று அவர் சொன்னால், அதுவே வாக்கியம். பதிவேட்டில் அந்த எண் இல்லையென்றால் அந்த வரியே வேண்டாம்.

எதிர்ப்பக்கத்து ஆபத்து இன்னும் பெரிது. மூலத்தில் 'இரண்டு புதிய நிறுவனங்களிடமிருந்து ஆர்டர் வர வாய்ப்பு உள்ளது' என்று இருக்கிறது. வாக்கியம் மிடுக்காக வேண்டும் என்று யாராவது அதை 'இரண்டு புதிய நிறுவனங்களின் ஆர்டருடன் விரிவடைகிறோம்' என்று மாற்றினால், கடன் விண்ணப்பத்தில் ஒரு பொய் ஏறிவிடுகிறது. 'சுமார்', 'வாய்ப்பு', 'எதிர்பார்க்கிறோம்' போன்றவை தளர்வான சொற்கள் போலத் தெரியும். பல இடங்களில் உண்மையைத் தாங்கி நிற்பவை அவைதான். அவற்றை எடுக்கும் உரிமை கணக்கு தெரிந்தவருக்கு மட்டுமே உண்டு. சந்தேகம் வந்தால் வரியை அப்படியே விட்டு, ஓரத்தில் `New Comment` போட்டுக் கேட்டுவிட வேண்டும். மூலக் கோப்பின் ஒரு நகலைத் தொடாமல் வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

கடைசியில் தோற்றம். இதற்கு முந்தைய இரண்டும் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் வேலை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. தலைப்புகளை அச்சுக்குள் கொண்டுவந்து, `Slide Master`இல் எழுத்துரு, அளவு, இடம் மூன்றையும் ஒருமுறை தீர்மானித்தால் ஒன்பது ஸ்லைடும் ஒரே குடும்பமாகிவிடும். மூலத்தில் ஒரு முப்பரிமாண வட்ட விளக்கப்படம் இருந்தது. அதில் முன்னால் சாய்ந்து நிற்கும் துண்டு உள்ளதைவிடப் பெரியதாகக் கண்ணுக்குத் தெரியும். சாதாரணப் பட்டை விளக்கப்படம் அந்தப் பிழையைச் செய்யாது.

தமிழில் ஸ்லைடு செய்கிறவர்கள் இரண்டு இடங்களைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். பவர்பாயின்ட்டின் வழக்கமான ஆஃபீஸ் தீமில் வரி இடைவெளி 0.9 என்று அமைந்திருக்கும். ஆங்கில எழுத்துக்கு அது போதும். தமிழில் மேல்வரியின் உகரக் குறியும் கீழ்வரியின் இகரக் குறியும் முட்டிக்கொள்ளும், 1.1க்கோ 1.2க்கோ ஏற்றினால்தான் மூச்சு விடும். மற்றது, பழைய எழுத்துருக்கள். பாமினி போன்றவற்றில் தட்டிய கோப்பில் உள்ளே இருப்பது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்று திரையில் தெரிவது உள்ளே `jkpo;` என்றுதான் இருக்கும். `Replace Fonts` கொடுத்து யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றினால் அந்த ஆங்கிலக் குப்பைதான் வெளியே வரும். எழுத்துருமாற்றியில் போட்டு யூனிகோடாக்கிய பிறகே தொட வேண்டும். இலங்கையிலிருந்து வரும் பழைய கோப்புகளில் இது அடிக்கடி நேரும்.

எல்லா நேரமும் அமைப்பைத் தொடலாமா என்றால், கூடாது. வழக்கறிஞரோ தணிக்கையாளரோ வரி வரியாகப் பார்த்து ஒப்புதல் தந்த கோப்பு என்றால் சொற்களில் கை வைக்கக் கூடாது, தோற்றம் மட்டும்தான். டெண்டருக்கோ போட்டிக்கோ ஸ்லைடுகளின் வரிசையை எதிர்த்தரப்பே வகுத்துக் கொடுத்திருந்தால், அமைப்பு பூட்டப்பட்டுவிட்டது. வாக்கியத்தில்தான் உழைக்க முடியும். நாளைக் காலை பேசப்போகிறவர் பழைய வரிசையிலேயே பத்து முறை ஒத்திகை பார்த்திருந்தால், இரவோடு இரவாக வரிசையைக் குலைப்பது அவரை மேடையில் தடுமாற வைக்கும். அங்கேயெல்லாம் பெரிய குறை கண்ணில் பட்டால் அதை எழுதிச் சொல்லிவிட்டு, கேட்ட வேலையை மட்டும் செய்து கொடுப்பதே முறை. சொல்லாமல் மாற்றுவதும் தவறு, சொல்லாமல் விடுவதும் தவறு.

அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 'ப்ரொஃபஷனலா மாத்திக் குடுங்க' என்று தட்டும் முன் இப்படி எழுதிப் பாருங்கள்: "வங்கி மேலாளர் பார்ப்பார். 48 லட்சம் கடன் தரலாமா என்று முடிவு செய்ய வேண்டும். பேசிக் காட்டிவிட்டு கோப்பையும் கொடுத்துவிட்டு வருவேன். எண்கள் எல்லாம் ஆடிட்டர் பார்த்தவை, அதை மாற்ற வேண்டாம். மற்றதில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், எடுக்கலாம்." இதைத் தட்ட இரண்டு நிமிடம் ஆகும். கோப்பைத் திறக்கும் முன்பே எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும்.